ரிலீஸ் ஆன டிராயிங்கில் ரிவிஷன் எழுத்து, மேகம், மாற்றக் குறிப்பு: புதிதாகச் சேர்ந்த டிராஃப்ட்ஸ்மேன் கேட்கும் கேள்விகள்

பம்ப் ஷாஃப்ட் டிராயிங்ல j6-ஐ k6-ன்னு மாத்தச் சொன்னாங்க. ஒரே ஒரு எழுத்துதானுங்களே, மாத்தி சேவ் பண்ணிட்டா ஆகாதுங்களா?

ஆகாது. ரிலீஸ் ஆவதற்கு முந்தின நாள்வரை அந்த ஃபைல் உங்களுடையது. ரிலீஸ் ஆனபின் அதன் பிரிண்ட் ஆவாரம்பாளையத்தில் லேத் போடுகிறவரிடம் ஒன்று, கணபதியில் கிரைண்டிங் செய்கிறவரிடம் ஒன்று, உள்ளே இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் ஒன்று என்று இருக்கும். நீங்கள் சேவ் செய்வது அந்த மூன்று தாள்களையும் மாற்றாது. இரண்டு விதமான தாள் ஒரே எண்ணில், ஒரே எழுத்தில் வெளியே சுற்றினால் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த ஒரு எழுத்து என்ன செய்கிறது என்பதையும் பாருங்கள். மோனோபிளாக் பம்ப் ஷாஃப்டில் 6204 பேரிங் உட்காரும் இடம் 20 மி.மீ. Ø20 j6 என்றால் 19.996 முதல் 20.009 வரை. Ø20 k6 என்றால் 20.002 முதல் 20.015 வரை. சாதாரணத் தர 6204 பேரிங்கின் துளை 19.990 முதல் 20.000 வரை இருக்கும். ஆக, j6-இல் சில ஷாஃப்டுகள் 4 மைக்ரான் லூசாகக்கூடப் போய்விடும். k6-இல் எந்த ஷாஃப்டை எந்த பேரிங்கோடு சேர்த்தாலும் குறைந்தது 2 மைக்ரான் பிடிப்பு உண்டு. லூசாக உட்கார்ந்த உள்வளையம் ஓட்டத்தில் ஷாஃப்டின்மேல் மெல்ல மெல்ல நகரும். பேரிங்கைக் கழற்றினால் அந்த இடம் பளபளவென்று தேய்ந்து, ஓரத்தில் செம்பழுப்புத் தூள் இருக்கும். அந்தப் புகார் வந்ததால்தான் இந்த மாற்றம் உங்கள் மேசைக்கு வந்திருக்கும்.

இனி வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஷாஃப்டே உதாரணம். டிராயிங் A3 தாளில் இருக்கிறது, இப்போதைய ரிவிஷன் B என்று வைத்துக்கொள்வோம்.

B-க்கு அப்புறம் C தானுங்களே? அந்த வரிசையில சில எழுத்து இல்லைங்கறாங்களே?

அடுத்தது C தான். ஆனால் H-க்குப் பிறகு J வரும். I, O, Q, S, X, Z ஆறும் பயன்படுத்தப்படுவதில்லை, அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.35 தரநிலையின் வழக்கம் இது. I, O, Q, S நான்கும் 1, 0, 5 போன்ற இலக்கங்களோடு குழம்புவது பளிச்சென்று தெரியும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த, எண்ணெய்க் கறை படிந்த தாளில் S என்பதும் 5 என்பதும் ஒன்றுதான். மீதமுள்ள 20 எழுத்தும் தீர்ந்தால் Y-க்குப் பிறகு AA, AB என்று போகும்.

முதல் ரிலீஸுக்கு என்ன போடுவது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. சிலர் சிறுகோடு போடுவார்கள், சிலர் 0, சிலர் A. ரிலீஸுக்கு முந்தைய வரைவுகளுக்கு P1, P2 என்றோ 01, 02 என்றோ போட்டு, ரிலீஸ் ஆனதும் எழுத்துக்கு மாறுவது நல்ல பழக்கம். தாளைப் பார்த்த உடனே வரைவா, ரிலீஸா என்று தெரிந்துவிடும். உங்கள் இடத்து வழக்கம் எது என்று கேட்டு அதையே பிடித்துக்கொள்ளுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

ரிவிஷன் டேபிள்ல "டைமென்ஷன் மாற்றப்பட்டது"ன்னு எழுதினேன். செக்கர் அடிச்சுத் திருப்பி அனுப்பிட்டார். ஏனுங்க?

எந்த அளவு, எதிலிருந்து எதற்கு என்று அதில் இல்லை. கிரைண்டிங் செய்கிறவர் அந்த வரியைப் படித்துவிட்டு டிராயிங் முழுக்கத் தேட வேண்டியிருக்கும். தேட மாட்டார், பழைய ஞாபகத்தில் ஓட்டிவிடுவார்.

வரி இப்படி இருக்கட்டும்: ரிவிஷன் C, இடம் C3, C6, E7, "Ø20 j6 இருந்தது, Ø20 k6 ஆனது, 2 இடம், டாலரன்ஸ் அட்டவணையும் திருத்தப்பட்டது", பக்கத்தில் மாற்றக் குறிப்பு எண், தேதி, வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். காரணத்தை இங்கே எழுத வேண்டாம். அதற்கு மாற்றக் குறிப்பில் இடம் இருக்கிறது.

இடம் என்பது தாளின் ஓரத்தில் இருக்கும் கட்ட எண். ஐ.எஸ்.ஓ. 5457 முறைப்படி ஒவ்வொரு கட்டமும் 50 மி.மீ. நீளம், A3 தாளில் மேலிருந்து கீழாக A முதல் F வரை, இடமிருந்து வலமாக 1 முதல் 8 வரை. A3-இல் இது தேவையா என்று தோன்றலாம். A1 தாளில் பத்துக் குறிப்புகளுக்கு நடுவே ஒரு அளவைத் தேடிப் பார்த்தால் அந்தக் கேள்வி போய்விடும்.

மூன்று இடம் எதற்கு என்றால், ஷாஃப்டின் இரண்டு முனையிலும் பேரிங் இருக்கிறது. அதோடு, எங்கள் பக்கத்து டிராயிங்குகள் பலவற்றில் டைட்டில் பிளாக்குக்கு மேலே ஒரு சின்ன அட்டவணை இருக்கும்: "j6 = +0.009 / −0.004" என்று. அளவை மாற்றிவிட்டு அந்த அட்டவணையை மறப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்கிற தவறு. மெஷினில் நிற்பவர் k6 என்பதைப் பார்ப்பதில்லை, அட்டவணையில் உள்ள எண்ணைத்தான் பார்ப்பார். தாளில் k6 இருக்கும். கைக்கு வருவது j6 ஷாஃப்ட்.

ஃபைலைத் திறந்ததும் மாற்ற வேண்டிய பழைய சொல்லை FIND கட்டளையில் தேடுங்கள். j6 என்று எத்தனை இடத்தில் இருக்கிறது என்று முதலில் எண்ணிக்கொண்டு, பிறகு கை வையுங்கள்.

அளவுமேல டபுள் கிளிக் பண்ணி 20 k6-ன்னு டைப் பண்ணலாங்களா?

20 என்பதை டைப் செய்யாதீர்கள். ஆட்டோகேடில் இப்படிக் கொடுங்கள்:

```
%%c<> k6
```

`<>` என்ற இடத்தில் வரைந்த கோட்டின் உண்மை அளவு தானாக வந்து நிற்கும். 20 என்று கையால் அடித்துவிட்டால், நாளைக்கு யாராவது கோட்டை 22 ஆக்கினாலும் தாளில் 20 என்றே இருக்கும். படத்தைத் திருத்தாமல் எண்ணை மட்டும் மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தால் அந்த எண்ணுக்குக் கீழே கோடு போட வேண்டும். அளவுகோலுக்கு வரையப்படவில்லை என்று அதற்கு அர்த்தம்.

மேகம் எங்க, எவ்வளவு பெருசாப் போடணுங்க?

மாறியது எதுவோ அதைச் சுற்றி மட்டும். இங்கே மாறியது ஷாஃப்டின் வடிவம் இல்லை, அளவு எழுத்து. ஆகவே "Ø20 k6" என்ற எழுத்தைச் சுற்றி C3-இல் ஒன்று, C6-இல் ஒன்று, அட்டவணையின் அந்த ஒரு வரியைச் சுற்றி E7-இல் ஒன்று. மொத்தம் மூன்று மேகம். ஷாஃப்ட் முழுவதையும் ஒரே மேகத்தில் அடைத்தால் மேகமே போடாததற்குச் சமம்.

லேஅவுட்டில், அதாவது தாளின் பக்கத்தில், REVCLOUD கட்டளையில் செவ்வக வகையைத் தேர்ந்து போடுங்கள். வில்லின் நீளம் 5 முதல் 8 மி.மீ. வரை இருந்தால் A3-இல் கண்ணுக்குச் சரியாக இருக்கும். மாடல் பக்கத்தில் போட்டால் வியூவின் ஸ்கேலைப் பொறுத்து ஒரு மேகம் பூசணிக்காய் மாதிரியும் இன்னொன்று கடுகு மாதிரியும் வரும். மேகத்துக்குத் தனி லேயர் வையுங்கள், REV-C என்ற பெயரில். கோடு அளவு எழுத்தை வெட்டக் கூடாது. மேகத்தின் வளைவு ஒன்று புள்ளிக்கு மேலேயோ மைனஸ் குறிக்கு மேலேயோ விழுந்தால் எண்ணே மாறிவிடும்.

சிவப்பு நிறத்தை நம்பாதீர்கள். வெளியே போகும் தாள் பெரும்பாலும் கருப்பு-வெள்ளை ஜெராக்ஸ்தான்.

ஏதாவது ஒரு குறிப்பை நீக்கியிருந்தால், அது இருந்த வெற்றிடத்தைச் சுற்றி மேகம் போடுங்கள். வெறும் இடத்துக்கு மேகமா என்று கூச்சப்பட வேண்டாம். இல்லாமல் போனதை வேறு எப்படிக் காட்டுவது?

மேகத்துக்குப் பக்கத்துல முக்கோணத்துக்குள்ள எழுத்துப் போடறாங்களே, அது எதுக்கு? பழைய B மேகத்தை என்ன பண்ணறதுங்க?

மேகம் "இங்கே பார்" என்று சொல்லும். முக்கோணம் "எந்த ரிவிஷனில்" என்று சொல்லும். டேபிள் வரியில் C, முக்கோணத்தில் C: இரண்டும் ஒன்றோடொன்று பேச வேண்டும். டேபிளில் மூன்று இடம் எழுதியிருந்தால் தாளில் மூன்று முக்கோணம் இருக்க வேண்டும். செக்கருக்குக் கொடுப்பதற்கு முன் நீங்களே எண்ணிப் பாருங்கள்; அரை நிமிட வேலை.

B மேகங்களை எடுத்துவிடுங்கள். C தாளில் C-க்கான மேகம் மட்டுமே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஐந்தாவது ரிவிஷனில் டிராயிங் முழுக்க மழைக்காலம் ஆகிவிடும். முக்கோணத்தைச் சில கம்பெனிகள் எடுத்துவிடும், சில கம்பெனிகள் வைத்துக்கொள்ளும். வைத்துக்கொள்வதையே நாங்கள் விரும்புகிறோம்: இந்த அளவு எப்போது கடைசியாக மாறியது என்று பழைய தாளைத் தோண்டாமல் தெரியும். டேபிளில் உள்ள பழைய வரிகளை மட்டும் அழிக்கக் கூடாது. ரிவிஷன் B அன்று இருந்தபடியே பி.டி.எஃப். ஆகச் சேமித்து வைத்திருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மாற்றக் குறிப்புல என்ன இருக்கணுங்க? டேபிள்லதான் எல்லாம் எழுதியாச்சே?

டேபிள் தாளைப் பற்றிப் பேசும். மாற்றக் குறிப்பு, அதாவது இ.சி.என்., பொருளைப் பற்றிப் பேசும். இந்த ஷாஃப்டுக்கு அதில் வர வேண்டியவை இவை.

முதலில் பாகத்தின் எண், B-யிலிருந்து C, இருந்தது என்ன, ஆனது என்ன. பிறகு காரணம்: பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்டில் சுழல்கிறது, சீட் தேய்கிறது. காரணத்தை எழுதாவிட்டால் இரண்டு வருடம் கழித்து, கிரைண்டிங்கில் ரிஜெக்‌ஷன் அதிகம் என்று யாராவது மறுபடி j6 ஆக்குவார்கள்.

அடுத்து, வேறு எதையெல்லாம் இது தொடுகிறது. இங்கேதான் அனுபவம் வேண்டும். முதல் ஆள் ஸ்னாப் கேஜ். j6 கேஜில் போகும் பக்கம் 20.009, போகாத பக்கம் 19.996. கேஜை மாற்றாமல் டிராயிங்கை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? 20.012-இல் வரும் நல்ல C ஷாஃப்ட் கேஜில் நுழையாது, ரிஜெக்ட். 19.998-இல் வரும் தப்பான ஷாஃப்ட் சுகமாகப் பாஸ் ஆகும். புதிய கேஜ் 20.015, 20.002. அது கைக்கு வரும் தேதிதான் மாற்றம் நடைமுறைக்கு வரும் தேதி. அதற்கு முன் வெளியிட்டால் தாளில்தான் C இருக்கும். இடைக்காலத்தில் மைக்ரோமீட்டரில் பார்க்கலாம், ஆனால் 0.01 மி.மீ. காட்டும் சாதாரண மைக்ரோமீட்டர் இதற்கு உதவாது. மொத்த அனுமதியே 13 மைக்ரான், 0.001 காட்டுவது வேண்டும்.

இரண்டாவது ஆள் பேரிங். பிடிப்பு கூடினால் உள்வளையம் கொஞ்சம் விரியும், பந்துகளுக்கு உள்ள இடைவெளி குறையும். j6-இல் அதிகபட்சப் பிடிப்பு 19 மைக்ரான், k6-இல் 25. சாதாரண இடைவெளி கொண்ட 6204-இல் அந்த இடைவெளி 5 முதல் 20 மைக்ரான்தான். C3 வகையில் 13 முதல் 28. பாகப் பட்டியலில் ஏற்கெனவே 6204 C3 இருந்தால் "பாதிப்பு இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கலாம். வெறும் 6204 என்று இருந்தால் டிசைன் பார்ப்பவரிடம் கேட்காமல் அந்தக் கட்டத்தை நிரப்பாதீர்கள். இங்கே வரும் C3 பேரிங் வகையின் பெயர். தாளின் கட்டமும் C3, ரிவிஷனும் C. மூன்றையும் குழப்பிக்கொள்ளாதபடி எழுதுங்கள்.

சி.என்.சி. புரோகிராம், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் படிவம், ஜாப் ஒர்க் ஆர்டர் ஆகியவையும் அந்தப் பட்டியலில் சேரும்.

ஸ்டோர்ல இருக்கற பழைய ஷாஃப்ட் எல்லாம் ஸ்கிராப்புங்களா?

அவசரப்பட வேண்டாம். இரண்டு அனுமதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 19.996–20.009, 20.002–20.015. 20.002 முதல் 20.009 வரை இரண்டுக்கும் பொது. அந்தத் துண்டுக்குள் இருக்கும் பழைய ஷாஃப்ட் இன்றைக்கே C ஷாஃப்ட்தான்.

ஸ்டோரில் முடிந்த ஷாஃப்ட் 240, டர்னிங் முடிந்து கிரைண்டிங்குக்குக் காத்திருப்பது 120 என்று வைத்துக்கொள்வோம். 120-இல் சீட் இன்னும் 20.3-இல் இருக்கும், புதிய தாளைக் கொடுத்து k6-க்கு ஓட்டினால் ஒரு நஷ்டமும் இல்லை. 240-ஐ இரண்டு சீட்டிலும் அளந்து பிரிக்க வேண்டும். இரண்டு சீட்டும் பொதுத் துண்டில் வந்தவை 150 என்றால் அவற்றுக்கு C என்று அடையாளம் போட்டு உள்ளே விடலாம். ஒரு சீட்டாவது 20.002-க்குக் கீழே இருக்கும் 90-இல்தான் பிரச்சினை. அரைத்து எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஹார்டு குரோம் பூசி மறுபடி கிரைண்ட் செய்வது, பேரிங் ஒட்டும் பசையோடு இந்த லாட்டுக்கு மட்டும் அனுமதி வாங்குவது, ஸ்கிராப் என்று மூன்று வழி. எது என்று முடிவு செய்வது டிராஃப்ட்ஸ்மேன் வேலை இல்லை. ஆனால் குறிப்பில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல், முடிவெடுப்பவரிடம் போய் எழுதி வாங்குவது உங்கள் வேலைதான். காலியாக விட்டால் ஸ்டோர்காரர் தானே முடிவெடுப்பார்: எல்லாவற்றையும் அனுப்பிவிடுவார்.

எப்ப ரிவிஷன் போதும், எப்ப புது பார்ட் நம்பர் போடணுங்க?

பழையதும் புதியதும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தால் ஏதாவது பொருந்தாமல் போகுமா என்று கேளுங்கள். k6 ஷாஃப்ட் பழைய பம்பிலும் அதே 6204-ஐ வாங்கிக்கொள்ளும். எண் அதேதான், ரிவிஷன் மட்டும்.

இதையே 6204-க்குப் பதில் 6304 போடுவோம் என்று முடிவு செய்திருந்தால் கதை வேறு. 6304-க்கும் துளை 20 தான், ஆனால் வெளிவிட்டம் 47-இலிருந்து 52 ஆகிறது, அகலம் 14-இலிருந்து 15. பேரிங் ஹவுசிங் பழைய பம்புக்குப் பொருந்தாது. அதற்கு ரிவிஷன் எழுத்தைத் தட்டிவிட்டால், திருப்பூரிலோ பல்லடத்திலோ ஸ்பேர் வாங்கிய மெக்கானிக் கையில் பொருந்தாத பாகம் இருக்கும், எண் மட்டும் சரியாக இருக்கும். புது எண் போட்டே ஆக வேண்டும்.

ஷாஃப்ட் C ஆனா அசெம்பிளி டிராயிங்கும் மாறணுங்களா?

பாகப் பட்டியலில் ஷாஃப்டின் எண் மட்டும் இருந்தால் வேண்டாம். எண்ணோடு ரிவிஷன் எழுத்தையும் யாரோ எழுதி வைத்திருந்தால் அதையும் திருத்த வேண்டும், அதற்கு மேலே உள்ளதையும் திருத்த வேண்டும். அந்தச் சங்கிலியை ஆரம்பத்திலேயே கட்டாமல் இருப்பது மேல்.

இந்த ஒரு லாட்டுக்கு மட்டும் 20.001 இருந்தாலும் பரவால்லைன்னு மேனேஜர் சொல்றார். D போடணுங்களா?

வேண்டாம். அது விலக்கு அனுமதி. லாட் எண், எத்தனை ஷாஃப்ட், யார் கையெழுத்து என்று தனிப் படிவத்தில் போகும். டிராயிங்கில் ஒரு கோடும் மாறாது. பிரிண்டின்மேல் சிவப்புப் பேனாவால் எழுதிக் கொடுப்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தத் தாள் அடுத்த லாட்டுக்கும் அங்கேயே தொங்கும்.

C வெளியிட்ட மறுநாளே தப்புன்னு தெரிஞ்சுது. திரும்ப B-க்கே போயிடலாங்களா?

எழுத்து முன்னால்தான் போகும். B-இல் இருந்த அளவே திரும்ப வந்தாலும் அதன் பெயர் D. ஒரு நாள்தான் வெளியே இருந்தது என்றாலும், அந்த ஒரு நாளில் யாராவது C-ஐ வாங்கி ஷாஃப்ட் ஓட்டியிருப்பார்கள்.

புதுத் தாளை அனுப்பியாச்சு. அப்புறமும் பழைய அளவுலயே ஷாஃப்ட் வருதுங்க. எங்க தப்பு?

முதலில் அவர் மெஷின் பக்கத்துச் சுவரைப் பாருங்கள். புதிய தாளைக் கொடுக்கும்போது பழைய தாளைத் திரும்ப வாங்குங்கள். யாருக்கு எந்த எழுத்து, எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். பழையதை எங்கேயாவது வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அதன் குறுக்கே "ரத்து" முத்திரை போடுங்கள்.

அடுத்து அவர் போனைப் பாருங்கள். முன்பு யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் இருக்கும். ஷாஃப்ட் மட்டும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று டைட்டில் பிளாக்கை வெட்டி அனுப்பியிருப்பார்கள். அதில் B-யா C-யா என்று கடவுளுக்கே தெரியாது. முழுத் தாளை பி.டி.எஃப். ஆக, ஃபைல் பெயரிலேயே எழுத்தோடு அனுப்புங்கள்: SHAFT-118_C.pdf என்பது போல. ஜாப் ஒர்க் ஆர்டரிலும் பாகத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் "ரிவிஷன் C" என்று இருக்கட்டும். ஷாஃப்ட் திரும்பி வரும்போது இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் ஆர்டரில் உள்ள எழுத்தும், அவர்கள் கொண்டுவரும் தாளில் உள்ள எழுத்தும் ஒன்றா என்று பார்த்த பிறகுதான் கேஜை எடுக்க வேண்டும்.